ஸ்கூல் பொண்ணுங்களோட பேரண்ட்ஸ்கிட்ட கர்ப்பப்பை வாய் கேன்சர் ஊசி பத்தி பேசப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

பேரண்ட்ஸ் மீட்டிங்ல இந்த ஊசி பத்தி நீங்களே பேசிடுங்கன்னு உங்க தலைல கட்டிட்டாங்களா? டீச்சரா இருக்கலாம், பள்ளி மேலாண்மைக் குழு மெம்பரா இருக்கலாம், இல்ல சும்மா கொஞ்சம் நல்லா பேசுவீங்கன்னு ஹெச்.எம். உங்களைப் பிடிச்சிருக்கலாம். எங்க ஊர்ல நான் இதைத்தான் மாட்டிக்கிட்டு செஞ்சேன், தமிழ்நாட்டுல ஒரு சின்ன டவுன், அரசு உதவி பெறும் பள்ளி. டாக்டருங்க பேசுற தமிழ் பேரண்ட்ஸுக்குப் புரியல, பேரண்ட்ஸ் கேக்குற கேள்விக்கு டாக்டருங்க நேரா பதில் சொல்லல, நடுவுல நின்னது நான். அதனால என்ன சொல்லணும், என்ன பேப்பர் வேணும், எவ்வளவு ஆகும், எந்த மாசம் வைக்கணும்னு வரிசையா எழுதுறேன்.

1. மீட்டிங் போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க

முதல்ல, எந்த ஊசி. நம்ம ஊர்ல கிடைக்கிறது பெரும்பாலும் மூணு. சீரம் இன்ஸ்டிடியூட்டோட செர்வாவாக், அப்புறம் வெளிநாட்டு கம்பெனியோட கார்டசில், கார்டசில் 9. இந்த கேன்சருக்குக் காரணமான ஹெச்பிவிங்கிற வைரஸ்ல முதல் ரெண்டும் நாலு வகையைத் தடுக்கும், மூணாவது ஒன்பது வகை. இந்த கேன்சர்ல பத்துக்கு ஏழு வர்றது 16, 18ன்னு ரெண்டே ரெண்டு வகைனால, அந்த ரெண்டும் மூணு ஊசியிலயுமே இருக்கு. அதனால விலை கம்மியான ஊசி போட்டா பிரயோஜனம் இல்லையோன்னு யாராவது இழுத்தா இதைச் சொல்லுங்க.

ரெண்டாவது, விலை. செர்வாவாக் 2023ல கடைக்கு வந்தப்ப ஒரு டோஸ் 2000 ரூபாய் கணக்கு. கார்டசில் அதைப்போல ரெண்டு மடங்கை ஒட்டி வரும், கார்டசில் 9 பத்தாயிரத்தைத் தொடும். கடைக்குக் கடை, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், ஊசி போடுற சார்ஜ் தனி, அதனால போன் பண்ணி "எல்லாம் சேர்த்து ஒரு டோஸ் எவ்வளவு"ன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. செர்வாவாக்ல ஒரே பாட்டில்ல ரெண்டு டோஸ் இருக்கிற பேக்கும் வருது. ஒரு பொண்ணை மட்டும் கூட்டிட்டுப் போனா முழு பாட்டிலுக்கும் பில் போட்டுடுவாங்களோன்னு சண்டை வரும், அதனால ஜோடியா வரவைங்க, இல்ல ஒரு டோஸ் பேக் இருக்கான்னு முன்னாடியே கேளுங்க.

மூணாவது, இலவசமா கிடைக்குமா. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல 14 வயசுப் பொண்ணுங்களுக்கு இந்த ஊசியைப் படிப்படியாப் போட 36 கோடி ஒதுக்குறதா அறிவிச்சாங்க. அதனால காசு வசூல் பண்றதுக்கு முன்னாடி உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய், இல்ல கிராம சுகாதார செவிலியரைப் பிடிச்சு, "எங்க ஸ்கூலுக்கு எப்போ, எந்த வயசுக்கு"ன்னு கேட்டுடுங்க. நீங்க காசு வாங்கி ஊசி போட்டு முடிச்ச அடுத்த மாசமே அரசு ஆளுங்க இலவசமா வந்து நின்னா, அந்த ஊர்ல அப்புறம் நீங்க எதைப் பேசினாலும் எடுபடாது.

2. யாரைக் கூப்பிடணும், எப்போ

அம்மாவை மட்டும் கூப்பிடாதீங்க. அம்மா தலையாட்டிட்டுப் போவாங்க, வீட்ல அப்பாவோ பாட்டியோ "யாரு சொன்னா, எதுக்கு"ன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியாம ஃபார்ம் அப்படியே பையிலயே கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வையுங்க, வேலைக்குப் போறவங்களும் வருவாங்க. பொண்ணுங்க அந்த ரூம்ல வேண்டாம், பிள்ளை பக்கத்துல உக்காந்திருந்தா ஒரு அப்பாவும் வாயைத் திறந்து கேள்வி கேக்க மாட்டார். பொண்ணுங்ககிட்ட தனியா வேற நாள் பேசிக்கலாம், பேசியே ஆகணும், ஊசி அவங்க கையில தானே.

மாசம்னா ஜூன் கடைசி தான் சரி. அப்போ பேசினா ஜூலைல முதல் டோஸ், ஆறு மாசம் கழிச்சு ஜனவரில ரெண்டாவது டோஸ், ரெண்டும் ஒரே கல்வியாண்டுல முடிஞ்சிடும். நவம்பர்ல ஆரம்பிச்சா ரெண்டாவது டோஸ் மே மாசம் விழும், பொண்ணு பாட்டி வீட்ல இருக்கும், ஜூன்ல வேற ஸ்கூல் மாறியிருக்கும், யாரையும் பிடிக்க முடியாது.

3. நோயைப் பத்தி அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசாதீங்க

ப்ரொஜெக்டர்ல கர்ப்பப்பை படம் போட்டு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தா ஆம்பளைங்க போன் வந்த மாதிரி வெளிய போயிடுவாங்க. நான் கடைசில இவ்வளவுதான் சொன்னேன்: "கர்ப்பப்பையோட வாய்ப்பகுதில வர்ற கேன்சர் இது. இந்தியால வருஷத்துக்கு 1.2 லட்சம் பொம்பளைங்களுக்கு மேல வருது. கிட்டத்தட்ட எல்லாமே ஹெச்பிவின்னு ஒரு வைரஸ் உள்ள போய் வருஷக்கணக்கா தங்குறதால வருது. ரொம்பப் பேருக்கு அந்த வைரஸ் வரும், உடம்பே ரெண்டு வருஷத்துல அதை விரட்டிடும், சில பேருக்குப் போகாது, அது பத்து இருபது வருஷம் உள்ளயே இருந்து கேன்சரா மாறும். இந்த ஊசி அந்த வைரஸ் உள்ள தங்காம தடுக்குது."

இங்க ஒண்ணு கவனிங்க, ஹெச்பிவின்னு வேகமா சொன்னா பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு ஹெச்ஐவின்னு கேக்கும், அவ்வளவுதான், மறுநாள் ஊரெல்லாம் அதுதான் பேச்சு. போர்டுல பெருசா எழுதிப் போட்டுட்டு, இது அது இல்லன்னு வாயாலயும் சொல்லிடுங்க.

4. "பொண்ணு சின்னப் புள்ளைங்க, இப்பவே எதுக்கு?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், அதுவும் நேரா வராது. "கல்யாணத்துக்கு அப்புறம் போட்டா ஆகாதா"ன்னு வரும், இல்ல "எங்க பொண்ணு அப்படிப்பட்ட பொண்ணு இல்ல"ன்னு முகம் சிவந்து வரும். உடலுறவு மூலமா பரவுற வைரஸ்ங்கிறதை மறைச்சுப் பேசலாம்னு சில டீச்சர்கள் சொல்வாங்க, மறைக்காதீங்க. அன்னைக்கு ராத்திரியே யாரோ ஒருத்தர் போன்ல தேடிப் பாத்து குரூப்ல போட்டுடுவாங்க, அப்புறம் நீங்க சொன்ன மத்த உண்மையும் பொய்யாப் போயிடும்.

எனக்கு வேலை செஞ்ச பதில் இதுதான். பிள்ளை பொறந்தவுடனே ஆஸ்பத்திரில ஹெபடைடிஸ் பி ஊசி போடுறாங்கல்ல, மஞ்சள் காமாலை ஊசின்னு சொல்வோமே, அது தடுக்கிற வைரஸும் ரத்தம் மூலமா, உடலுறவு மூலமா பரவுறதுதான், அதுவும் பிற்காலத்துல கல்லீரல் கேன்சரைத் தடுக்கிற ஊசிதான். பொறந்த குழந்தைக்கு அதைப் போட்டதுக்கு யாராவது தப்பா நினைச்சோமா? இதைச் சொன்னதும் ஒரு அண்ணன் "அட, அதுவுமா"ன்னு கேட்டாரு, அதுக்கப்புறம் ரூம்ல இருந்த இறுக்கம் கொஞ்சம் குறைஞ்சுது.

அப்புறம் காரணத்தைச் சொல்லுங்க. ஊசி ஏற்கனவே உள்ள வந்த வைரஸை வெளியேத்தாது, வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் முழுப் பலன். கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன்கிட்ட இருந்தே வரலாம், அதுல பொண்ணோட நடத்தைக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. இன்னொண்ணு, 9 லேர்ந்து 14 வயசுக்குள்ள போட்டா உடம்பு எதிர்ப்பு சக்தியை ரொம்ப நல்லா உருவாக்குது, அதனாலதான் அந்த வயசுக்கு ரெண்டு டோஸ், 15க்கு மேல போனா மூணு. காசுக் கணக்கு வந்தவுடனே நிறைய அப்பாக்கள் நிமிர்ந்து உக்காருவாங்க, பாருங்க.

பலன் இருக்கான்னு கேட்டா ஸ்காட்லாந்தைச் சொல்லுங்க. அங்க 12, 13 வயசுல ஸ்கூல்ல ஊசி போட்டுக்கிட்ட பொண்ணுங்கள்ல ஒருத்தருக்குக் கூட இந்த கேன்சர் வரலன்னு 2024ல வந்த ஆய்வு சொல்லுது.

5. "ஆந்திராவுல ஊசி போட்டு பொண்ணுங்க செத்துட்டாங்களாமே"

இது வாட்ஸாப்ல வருஷா வருஷம் சுத்துற விஷயம். "அதெல்லாம் வதந்தி"ன்னு ஒத்தை வார்த்தைல தள்ளிடாதீங்க, ஏன்னா பாதி உண்மை. நடந்தது என்னன்னா, 2009ல அப்போதைய ஆந்திராவோட கம்மம் மாவட்டத்துலயும் குஜராத் வடோதராவுலயும் ஆயிரக்கணக்கான பொண்ணுங்களுக்கு இந்த ஊசியை ஒரு ஆய்வுக்காகப் போட்டாங்க. அந்தக் காலகட்டத்துல அதுல 7 பொண்ணுங்க இறந்தாங்க. 2010ல அரசு மொத்தத்தையும் நிறுத்தி விசாரணை வச்சுது. தண்ணில மூழ்கினது, பாம்பு கடிச்சது, பூச்சி மருந்து, மலேரியா இந்த மாதிரி காரணங்கள், ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு இருக்கிறதாத் தெரியலன்னுதான் விசாரணைல வந்துச்சு.

ஆனா அதே விவகாரத்துல நிஜமான தப்பு ஒண்ணும் வெளிய வந்துச்சு. பல பொண்ணுங்களுக்கு அம்மா அப்பாகிட்ட கேக்கவே இல்ல, ஹாஸ்டல் வார்டனும் ஹெட்மாஸ்டரும் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருந்தாங்க. 2013ல நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாக் கண்டிச்சுது. இதையும் சேர்த்தே சொல்லுங்க, "அதனாலதான் உங்க கையெழுத்து இல்லாம இங்க ஒரு பிள்ளைக்கும் போட மாட்டோம்"னு முடிங்க. கேக்குறவங்களுக்கு அதுக்கப்புறம்தான் நம்பிக்கை வருது.

இதுலயே இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. அதே சமயத்துல இந்தியால ஒன்பது இடங்கள்ல இன்னொரு ஆய்வும் நடந்துட்டு இருந்துச்சு, அதுல ஒண்ணு நம்ம திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை. 2010ல ஊசி நின்னதால நிறையப் பொண்ணுங்களுக்கு ஒரு டோஸோட போச்சு. அவங்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க, 16, 18 வைரஸ் உள்ள தங்காம தடுக்கிறதுல ஒரு டோஸும் ரெண்டு மூணு டோஸ் அளவுக்கே நின்னுது, 2021ல வெளியாச்சு. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பர்ல ஒரு டோஸும் போதும்னு சொன்னதுக்கு இந்தப் பொண்ணுங்களும் ஒரு காரணம்.

அப்போ ஒண்ணா ரெண்டான்னு குழப்பம் வரும். தனியார் குழந்தை டாக்டருங்க 9-14 வயசுக்கு ரெண்டு டோஸ்னுதான் எழுதுவாங்க. என் கருத்து, முடிஞ்சவங்க டாக்டர் சொல்றபடி ரெண்டும் போட்டுக்கட்டும். ரெண்டுக்குக் காசு இல்லன்னு ஒண்ணையும் விட்டுடாதீங்க. அரசு முகாம்ல ஒரு டோஸ் போட்டு முடிஞ்சுதுன்னு சொன்னாங்கன்னா, பயந்து போய் கடன் வாங்கி இன்னொண்ணு போட வேண்டிய அவசியம் இல்ல.

குழந்தை பிறக்காதுன்னு ஒரு பயம் இருக்கும், பாட்டிங்கதான் கேப்பாங்க. ஊசில உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸோட வெளி ஓடு மாதிரி ஒரு புரதம் மட்டும், ஈஸ்ட்ல வளர்த்து எடுக்கிறாங்க. ஆஸ்திரேலியால 2007லேர்ந்து ஸ்கூல்ல போடுறாங்க, அந்தப் பொண்ணுங்க இன்னைக்கு பிள்ளை குட்டியோட இருக்காங்க. இந்த கேன்சர் வந்தாத்தான் கர்ப்பப்பையை எடுக்கவோ கரெண்ட் வைக்கவோ வேண்டி வரும், அதுல தான் குழந்தை வாய்ப்பு போகும்.

6. சம்மதப் படிவமும் பேப்பரும்

ஃபார்ம் தமிழ்ல, ஒரே பக்கம். ஊசியோட பேரு, எத்தனை டோஸ், எந்தத் தேதி, எவ்வளவு காசு, வலி ஜுரம் வரலாம்ங்கிறது, வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்குங்கிறது, இவ்வளவும் அதுல இருக்கணும். "சம்மதம்", "சம்மதம் இல்லை" ரெண்டு கட்டமும் போடுங்க. சம்மதம்னு மட்டும் போட்டா வேண்டாங்கிறவங்க ஃபார்மையே திருப்பித் தர மாட்டாங்க, தொலைஞ்சுதா மறுத்தாங்களான்னு உங்களுக்குத் தெரியாது.

கீழ நாலு கேள்வி வேணும்: முன்னாடி எந்த ஊசிக்காவது மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு வந்திருக்கா, ஈஸ்ட் அலர்ஜி இருக்கா, எதிர்ப்பு சக்தி குறைக்கிற நோயோ மருந்தோ இருக்கா, ஊசியைப் பார்த்தா மயக்கம் வருமா. மூணாவதுக்கு ஆமான்னு வந்தா வயசு எதுவா இருந்தாலும் மூணு டோஸ் தேவைப்படலாம், டாக்டர் தனியாப் பார்க்கணும். பீரியட்ஸ்ல இருந்தா போடலாமான்னு எல்லா அம்மாவும் கேப்பாங்க, தாராளமா போடலாம்.

வயசுக்கு பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் வாங்குங்க. ஆதார்ல ஒரு தேதி, ஸ்கூல் ரெக்கார்ட்ல ஒரு தேதின்னு நம்ம ஊர்ல சகஜம், 15 வயசை ஒட்டின பொண்ணுன்னா அந்த ஒரு தேதில 2000 ரூபாய் மாறும். கையெழுத்து அம்மாவோ அப்பாவோ, அவங்க இல்லன்னா சட்டப்படி பாதுகாவலர். பெரியக்கா போட்டது, டீச்சர் போட்டது செல்லாது. கைநாட்டு வாங்கினா ஃபார்மை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினவங்க பேரையும் பக்கத்துல எழுதுங்க.

7. காசும் தேதியும், ஒரு குடும்பத்தை வச்சுக் கணக்கு

ஒரு வீட்ல மூணு பொண்ணுங்கன்னு வையுங்க, டோஸ் 2000. முதல் டோஸ் ஜூலை ரெண்டாவது சனிக்கிழமை.

கடைசிப் பொண்ணு ஏழாவது, வயசு 12. ஜூலைல ஒண்ணு, ஜனவரி கடைசி சனிக்கிழமை ஒண்ணு, பொங்கல் லீவு முடிஞ்சு எல்லாரும் ஊர் திரும்பியிருப்பாங்க. 4000 ரூபாய்.

நடுப் பொண்ணு ஒன்பதாவது, செப்டம்பர்ல 15 முடியுது. ஜூலைலயே போட்டா இவளுக்கும் ரெண்டு டோஸ்தான், 4000. ரெண்டாவது டோஸ் போடுறப்ப 15 தாண்டியிருப்பாளேன்னா பரவால்ல, முதல் டோஸ் அன்னைக்கு இருந்த வயசுதான் கணக்கு. "தீபாவளி போனஸ் வரட்டும்"னு அப்பா தள்ளிப்போட்டார்னா மூணு டோஸ் ஆயிடும், 6000.

பெரியவ பத்தாவது, 15 முடிஞ்சு சில மாசம். மூணு டோஸ்: ஜூலை, செப்டம்பர், ஜனவரி. செப்டம்பர்ல காலாண்டுப் பரீட்சை இருக்கும், முடிஞ்ச சனிக்கிழமையாப் பாருங்க. 6000 ரூபாய்.

மொத்தம் 14,000. ஒரே நேரத்துல கேக்காதீங்க, ஜூலைக்கு 6000 மட்டும்னு டோஸ் டோஸா பிரிச்சுச் சொல்லுங்க. மொத்தத் தொகையைக் கேட்டு எழுந்து போனவங்க, பிரிச்சுச் சொன்னப்ப சரின்னாங்க. கையில நீங்க காசு வாங்காதீங்க, நேரா ஆஸ்பத்திரில கட்டி பில் வாங்கச் சொல்லுங்க.

ரெண்டாவது டோஸை சீக்கிரம் முடிச்சிடலாம்னு அவசரப்பட வேண்டாம். 9-14 வயசுல ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு மாசத்துக்குக் குறைவா இருந்தா மூணாவது ஒண்ணு போட வேண்டி வரும். லேட்டானா பிரச்சனை இல்ல, முதல்லேர்ந்து ஆரம்பிக்கத் தேவையில்ல, விட்ட இடத்துலேர்ந்து போட்டுக்கலாம்.

8. ஊசி போடுற நாள்

ஸ்கூல்லயே போடுறதை விட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எனக்குச் சரின்னு படுது, அவசர மருந்தும் டாக்டரும் அங்கயே இருப்பாங்க, ஊசியும் ஃபிரிட்ஜ்ல 2 லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கும். இந்த ஊசி உறைஞ்சு போனா வீண். ஐஸ் பெட்டில ஐஸ் மேலயே பாட்டிலை வச்சுத் தூக்கிட்டு வர்றாங்கன்னா வாங்கிக்காதீங்க.

பெரிய தொல்லை மயக்கம் தான். ஊசியோட விஷத்தால இல்ல, பயத்துலயும் வெறும் வயித்துலயும் வர்றது, இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு எந்த ஊசிக்கும் வரும். ஒருத்தி விழுந்தா வரிசைல நிக்கிறவங்களும் வரிசையா விழுவாங்க, யாராவது வீடியோ எடுப்பாங்க, கதை முடிஞ்சுது. காலைல சாப்பிட்டு வரச் சொல்லுங்க, திரை கட்டுங்க, உக்கார வச்சே போடுங்க, போட்டதும் 15 நிமிஷம் உக்காந்தே இருக்கணும். மயக்கம் வந்தா படுக்க வச்சு காலைத் தூக்கி வைங்க, ரெண்டு நிமிஷத்துல எழுந்திடுவாங்க. மூச்சு வாங்குறது, உதடு முகம் வீங்குறது, உடம்பெல்லாம் தடிப்பு இதெல்லாம் வேற, உடனே டாக்டர்.

சாயங்காலம் கை வலி, லேசான ஜுரம், தலைவலி வரலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. சொல்லாம விட்டா ராத்திரி பத்து மணிக்கு உங்க போன் அடிக்கும்.

9. கார்டும் ரெண்டாவது டோஸும்

ஊசி பேரு, பேட்ச் நம்பர், தேதி எழுதின கார்டை வாங்காம வெளிய வராதீங்க, அங்கயே போட்டோ எடுத்து பேரண்ட்ஸ் போனுக்கு அனுப்பிடுங்க. ஜனவரில பாதிப் பேர்கிட்ட கார்டு இருக்காது. ரெண்டாவது டோஸும் அதே பிராண்டா இருக்கிறது நல்லது, அதுக்கும் அந்த போட்டோ தான் உதவும். ஜனவரி முதல் வாரம் ஒரு மெசேஜ், முந்தின நாள் ஒரு போன், ரெண்டும் பண்ணுங்க, மெசேஜ் மட்டும் அனுப்பினா யாரும் பாக்குறதில்ல.

கடைசியா, ஏதாவது ஒரு அம்மா எல்லாரும் போனப்புறம் பக்கத்துல வந்து மெதுவா "எனக்குப் போட்டுக்கலாமா"ன்னு கேப்பாங்க. 30 வயசு தாண்டின அவங்களுக்கு ஊசியை விட டெஸ்ட் தான் முக்கியம், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கர்ப்பப்பை வாயைப் பார்க்குற பரிசோதனை இலவசமா பண்றாங்க. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குன்னு முன்னாடியே விசாரிச்சு ஒரு சீட்டுல எழுதி வச்சிருங்க, கேட்டவங்க கையில கொடுத்துடலாம். ஊசி போட்ட பொண்ணுங்களுக்கும் 30 வயசுல இந்த டெஸ்ட் உண்டு, ஊசி எல்லா வகை வைரஸையும் தடுக்காதுங்கிறதால, அதைக் கார்டோட பின்பக்கம் ஒரு வரி எழுதி விடுங்க.